ஒற்றை ப்ராஜெக்டிலிருந்து மாத ரிட்டெய்னருக்கு: மலையிலிருந்து எழுதும் காப்பிரைட்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த கிளையன்டிடம் ரிட்டெய்னர் பேச்சை எடுப்பது? எல்லாரிடமும் கேட்டுப் பார்க்கலாமா?

ரிட்டெய்னர் என்பது, பேசி வைத்த வேலைக்கு மாதா மாதம் பேசி வைத்த தொகை வாங்கிக்கொண்டு தொடர்ந்து எழுதுவது. அந்தப் பேச்சை எல்லாரிடமும் எடுக்க வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாத இன்வாய்ஸ்களை எடுத்து கிளையன்ட் வாரியாகப் பிரியுங்கள். ஒரே மாதிரி வேலையை மூன்று தடவையாவது திரும்பக் கேட்டவர் யார்? பில் போட்ட பதினைந்து நாளுக்குள் பணம் போட்டவர் யார்? இரண்டு கேள்விக்கும் பதிலாக வருகிற பெயர்களிடம் மட்டும் பேசுங்கள்.

வெப்சைட் ஒரு தடவை எழுதி வாங்கிக்கொண்டு போனவருக்கு மாதா மாதம் எழுத எதுவும் இருக்காது. பணத்தை இழுத்தடிக்கிறவரோ, ரிட்டெய்னர் ஆனதும் திருந்திவிட மாட்டார். வருஷத்துக்கு நான்கு தடவை துரத்தியவரை இனி பன்னிரண்டு தடவை துரத்துவீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் பாருங்கள்: எழுதியதை யார் ஓகே சொல்கிறார்கள்? ஊட்டியில் இருக்கும் மேனேஜர் வேலை கேட்பார், முதலாளி பெங்களூரில் இருப்பார், ஒரு கேப்ஷனுக்கு ஒப்புதல் வரப் பத்து நாள் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் மாத வேலை மாதத்துக்குள் முடியாது. முடிவெடுக்கிறவரோடு நேரடியாகப் பேச வழியில்லை என்றால் ப்ராஜெக்ட் முறையிலேயே தொடர்வது நல்லது.

கட்டணத்தை எங்கிருந்து ஆரம்பித்துக் கணக்குப் போடுவது?

அந்த கிளையன்ட் ஏற்கெனவே உங்களிடம் எவ்வளவு செலவழித்திருக்கிறார் என்பதிலிருந்து. மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரிப்பது அப்புறம். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்தொடர்வோம்.

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் ஆறு அறை ஹோம்ஸ்டே. கூடவே சொந்தப் பெயரில் பாக்கெட் தேயிலையும் விற்கிறார்கள். ஒரு மேடம் நடத்துகிறார். ஏப்ரல் முதல் மார்ச் வரை அவருக்குப் போட்ட பில் மொத்தம் 2,00,000 ரூபாய். இதைப் பன்னிரண்டால் வகுத்து 16,667 என்று சொல்லிவிடத் தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த இரண்டு லட்சத்தில் 40,000 ரூபாய் ஜூனில் வெப்சைட்டை முழுக்கத் திருப்பி எழுதியதற்கு. அது அடுத்த வருஷம் வராது. அதைக் கழித்தால் திரும்பத் திரும்ப வந்த வேலை 1,60,000. மாதச் சராசரி 13,333.

இப்போது அதே 1,60,000-ஐ மாதவாரியாகப் பாருங்கள். மார்ச்சில் 20,000, ஏப்ரலில் 22,000, மேயில் 24,000. ஜூனில் வெறும் 4,000, ஜூலையில் 5,000. ரெண்டாவது சீசனுக்கும் தீபாவளி கிஃப்ட் பேக்குக்கும் ஆகஸ்டில் 14,000, செப்டம்பரில் 18,000, அக்டோபரில் 20,000. நவம்பரில் 7,000. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்காக டிசம்பரில் 16,000. ஜனவரியில் 6,000, பிப்ரவரியில் 4,000. சராசரிக்குப் பக்கத்தில் வருகிற மாதம் ஆகஸ்ட் ஒன்றுதான். மலையில் டூரிசத்தை நம்பி இருக்கிற எந்த கிளையன்டுக்கும் கணக்கு இப்படித்தான் இருக்கும். இதை எப்படிச் சமாளிப்பது என்று கீழே வருகிறேன். அதற்கு முன் உங்கள் பக்கத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது.

என் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்றே எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டுமா?

ஆமாம். கிளையன்டிடம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

வருஷத்துக்கு உங்களுக்கு எவ்வளவு தேவை என்று எழுதுங்கள். வீட்டு வாடகை, மளிகை, நெட், லேப்டாப், இன்வெர்ட்டர், இன்ஷூரன்ஸ், வருமான வரி, கொஞ்சம் சேமிப்பு, எல்லாம் சேர்த்து 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, பில் போடக்கூடிய மணி நேரம். வருஷத்துக்கு 52 வாரம். பண்டிகை, காய்ச்சல், மழையில் கரண்டும் நெட்டும் போய் உட்கார்ந்திருக்கும் நாட்கள், இதற்கெல்லாம் 6 வாரம் கழியுங்கள். மீதி 46 வாரம். வாரம் 5 நாள், நாளுக்கு 4 மணி நேரம். நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்தாலும் காசாகும் எழுத்து வேலை நான்கு மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆக 920 மணி நேரம். ஆறு லட்சத்தை 920-ஆல் வகுத்தால் சுமார் 650 ரூபாய். இதற்குக் கீழே எந்த வேலை செய்தாலும் கையிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

நம் மேடத்தின் வேலைக்கு வருவோம். 1,60,000 ரூபாய்க்கு எழுதியது 200 மணி நேரம், மணிக்கு 800. நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் போன், வாட்ஸ்அப், ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகக் கொட்டேஷன், பணத்துக்கு நினைவூட்டல் எல்லாம் மாதம் 4 மணி நேரமாவது தின்றிருக்கும். வருஷத்துக்கு 48. மொத்தம் 248 மணி நேரம். 1,60,000-ஐ 248-ஆல் வகுத்தால் 645. அடிவிலைக்கும் ஐந்து ரூபாய் கீழே. நல்ல கிளையன்ட் என்று நினைத்திருந்தவர் உண்மையில் எல்லைக்கோட்டில் நிற்கிறார்.

ரிட்டெய்னர் ஆனால் தடவைக்குத் தடவை கொட்டேஷன் போடுவதும் பேரமும் நின்றுவிடும். அந்த 48 மணி நேரம் 30 ஆகக் குறையும் என்று வைக்கலாம். மொத்தம் 230 மணி நேரம். மணிக்கு 800 என்றால் வருஷத்துக்கு 1,84,000, மாதம் சராசரி 15,333. இது நீங்கள் கேட்க வேண்டிய தொகை. 230 மணி நேரத்தை 650-ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 12,458. இது நீங்கள் இறங்கக்கூடாத தொகை. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பேசப் போங்கள்.

மாதா மாதம் வேலை தருகிறேன், குறைத்துப் போடுங்கள் என்கிறார். குறைக்கலாமா?

தொடர்ந்து வேலை தருவதற்காக மட்டும் குறைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மாதா மாதம் வரும் வேலை உங்களுக்கு நிம்மதி தருகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக நீங்களும் ஒன்றைத் தருகிறீர்கள்: உங்கள் காலண்டரில் அவருக்கென்று ஒதுக்கிய இடம். ஏப்ரல் முதல் வாரம் வேறு யார் எவ்வளவு தருகிறேன் என்றாலும் அந்த நேரம் அவருடையது. அந்த ஒதுக்கீட்டுக்கே ஒரு மதிப்பு உண்டு.

உங்கள் ரிஸ்க் உண்மையில் குறைகிறபோது குறைக்கலாம். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே தருகிறார் என்றால் ஐந்து சதவீதம் விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை. மற்றபடி, பட்ஜெட் இல்லை என்றால் வேலையைக் குறையுங்கள், விலையைத் தொடாதீர்கள். மாதம் இரண்டு மெயிலர் என்பது ஒன்றாகட்டும், நீளமான பக்கம் வேண்டாம் என்று எடுத்துவிடுங்கள். வேலையும் சேர்ந்து குறைந்தால் அடுத்த வருஷம் இரண்டையும் சேர்த்துக் கூட்ட முடியும். அதே வேலைக்கு விலை மட்டும் இறங்கினால், அதுதான் இனி உங்கள் விலை.

சீசனில் வேலை குவிகிறது, மழையில் ஒன்றுமே இல்லை. மாதம் ஒரே தொகை என்று எப்படிச் சொல்வது?

மலை கிளையன்டுகளுக்கு ரிட்டெய்னர் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதம் 15,500 என்று சமமாக வைத்து ஏப்ரலில் தொடங்கினீர்கள் என்று வையுங்கள். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் பழைய விலைக்கே 46,000 ரூபாய் வேலை முடித்துக் கொடுத்திருப்பீர்கள். வந்தது 31,000. ஜூனில் மழை பிடித்ததும் மேடம், "இப்போ நிறுத்திக்கலாம், செப்டம்பர்ல பாக்கலாம்" என்பார். கெட்ட எண்ணமே இல்லாமல் சொல்வார். ஆனால் 15,000 ரூபாய் உங்களுக்கு வராமல் நிற்கும்.

அதற்காக ஜூனில் தொடங்கினால் நிலைமை தலைகீழ். 4,000 ரூபாய் வேலைக்கு 15,500 ரூபாய் பில் போகும். இரண்டாவது பில்லைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்.

இதற்கு நான் பரிந்துரைப்பது இரண்டு விலைப்படி. சீசன் மாதங்களுக்கு ஒரு தொகை, ஆஃப் சீசன் மாதங்களுக்கு ஒரு தொகை, இரண்டும் ஒப்பந்தத்திலேயே மாதப் பெயரோடு இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் மார்ச், ஏப்ரல், மே, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் ஆகிய ஏழும் சீசன் மாதங்கள், தலா 20,000. ஜூன், ஜூலை, நவம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய ஐந்தும் ஆஃப் சீசன், தலா 9,000. வருஷத்துக்கு 1,40,000-உம் 45,000-உம் சேர்த்து 1,85,000. நாம் கணக்குப் போட்ட 1,84,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மணி நேரத்தில் பார்த்தால் சீசன் மாதத்துக்கு 25, ஆஃப் சீசனுக்கு 11.

ஆனால் போன மே மாத வேலை 24,000 ரூபாய், அதாவது 30 மணி நேரம். 25-க்குள் எப்படி அடங்கும்? அடங்காது, முன்பே எழுதி வைத்தால் ஒழிய. இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அதுதான். பிப்ரவரியில் அவருக்கு இயல்பாக இருந்த வேலை 5 மணி நேரம்தான், ஆனால் நீங்கள் 11 மணி நேரத்துக்குப் பணம் வாங்குகிறீர்கள். மீதி 6 மணி நேரத்தில் கோடை சீசனுக்கான மெயிலர்களை வரைவு போட்டு வைத்துவிடுங்கள். தேதியும் விலையும் மட்டும் காலியாக இருக்கட்டும். ஜூலையில் ரெண்டாவது சீசன் வேலை, நவம்பரில் கிறிஸ்துமஸ் வேலை. இப்படி எழுத்தை மழை மாதத்துக்குத் தள்ளினால் மேயில் உங்கள் முதுகு தப்பும், அவருக்கும் கடைசி நேரப் பதற்றம் இல்லை.

அப்படியென்றால் எந்த மாதத்தில் தொடங்குவது சரி?

ஜூலை. முதல் பில் 9,000 ரூபாய்தான் என்பதால் சரி என்று சொல்வது அவருக்குச் சுலபம். அந்த ஒரு மாதத்தில் ஆகஸ்ட் வேலையை நீங்கள் முன்கூட்டியே முடித்துக் காட்டிவிடலாம். இருபதாயிரம் ரூபாய் பில் முதல் தடவையாகப் போகும்போது, அவர் கையில் ஏற்கெனவே பலன் இருக்கும். ஜூலை தவறிவிட்டால் அடுத்த நல்ல மாதம் ஜனவரி. ஏப்ரலில் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு உட்கார்ந்து பேசவே நேரம் இருக்காது.

பேச்சை எப்படி எடுப்பது? விலையைச் சொல்லி மெசேஜ் அனுப்பிவிடலாமா?

முதல் மெசேஜில் விலை வேண்டாம், ரிட்டெய்னர் என்ற சொல்லும் வேண்டாம். அவருடைய வருஷத்தை அவருக்கே காட்டுங்கள். இது போல:

"வணக்கம் மேடம். போன வருஷம் உங்களுக்கு எழுதினதை எல்லாம் மாதவாரியா போட்டுப் பார்த்தேன். வெப்சைட் போக, பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு வேலை இருந்திருக்கு. ஆனா ஏப்ரல் மெயிலர் ஏப்ரல் 11-ல தான் போச்சு, அதுக்குள்ள நிறைய பேர் வேற இடத்துல ரூம் போட்டிருப்பாங்க. இந்த வருஷம் ஒரு காலண்டர் போட்டு முன்னாடியே எழுதி வச்சுடலாம்னு ஒரு யோசனை. நாளைக்கு மத்தியானம் பத்து நிமிஷம் பேசலாமா?"

பேசும்போது மாதக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். அதைப் பார்த்ததும் அவரே, "இவ்வளவு பண்ணியிருக்கோமா!" என்பார். விலை அதற்குப் பிறகு வரட்டும். சொன்னதும் நிறுத்திவிடுங்கள். அவர் யோசிக்கிற அமைதியில் நாமே புகுந்து குறைத்துச் சொல்வதுதான் அதிகம் நடக்கிறது.

"மழையில ஆளே வர மாட்டாங்க, அப்போ எதுக்குங்க காசு?" என்று கேட்டுவிட்டார். என்ன சொல்வது?

நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்லுங்கள். மழை மாதத்தில் எழுதுவது மழை மாதத்து விருந்தினருக்காக இல்லை. ஆயுத பூஜை லீவுக்கு வருகிறவர்கள் ஆகஸ்டிலேயே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குப் போக வேண்டிய மெயிலர் ஜூலையில் எழுதப்பட்டால்தான் ஆகஸ்டில் போகும். அதோடு, வரவேற்பு மெசேஜ், அறை விவரம், கூகுள் விமர்சனங்களுக்குப் பதில் எழுதுகிற மாதிரி வாசகங்கள், தேயிலைப் பாக்கெட்டின் பின்பக்க வரிகள் என்று எந்த சீசனிலும் நேரம் கிடைக்காத வேலைகள் ஒரு பட்டியலுக்கு இருக்கும். அந்தப் பட்டியலை அவர் முன்னாலேயே எழுதுங்கள். பட்டியலில் எழுத ஒன்றும் இல்லை என்றால் அவர் சொல்வதுதான் சரி, அவருக்கு ரிட்டெய்னர் தேவையில்லை.

மாதம் இத்தனை மணி நேரம் என்று எழுதுவதா, இத்தனை வேலை என்று எழுதுவதா?

அவருக்கு வேலைப் பட்டியல், உங்களுக்கு மணிக் கணக்கு. மணி நேரத்தை அவரிடம் காட்டினால் ஒரு கேப்ஷனுக்கு அரை மணியா என்ற விவாதத்தில்தான் முடியும். நீங்கள் வேகமாக எழுதினால் உங்களுக்கே நஷ்டம்.

நம் உதாரணத்தில் சீசன் மாதத்துக்கு 2 மெயிலர், 12 இன்ஸ்டாகிராம் கேப்ஷன், ஒரு நீளமான பக்கம், 4 வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட். மெயிலருக்கு 3 மணி நேரம், கேப்ஷனுக்கும் ப்ராட்காஸ்டுக்கும் அரை மணி, நீளப் பக்கத்துக்கு 6 என்று போட்டால் 20 மணி நேரம். பேச்சுக்கும் திருத்தத்துக்கும் 5. ஆக 25. ஆஃப் சீசனில் ஒரு மெயிலர், 4 கேப்ஷன், அடுத்த சீசனுக்கு 4 மணி நேர வரைவு வேலை, பேச்சுக்கு 2. ஆக 11.

ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். கேப்ஷன் ஆறு வேண்டாம், இன்னொரு மெயிலர் கொடுங்கள் என்றால் சரி, மணி நேரம் ஒன்றுதான். திருத்தம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது சுற்றுக்குப் பிறகும் மாறுகிறது என்றால் சிக்கல் எழுத்தில் இல்லை, என்ன வேண்டும் என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. உடனே போனை எடுத்துப் பேசுங்கள்.

இந்த மாதம் வாங்காத வேலையை அடுத்த மாதம் சேர்த்துக் கேட்கிறார்.

ஒரு மாதம் வரை சேரலாம், அதுவும் மாத வேலையில் கால்வாசிக்கு மேல் கூடாது, சீசன் மாதத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது. கடைசி நிபந்தனைதான் முக்கியம். ஜனவரி, பிப்ரவரியில் ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றையும் மார்ச்சில் கேட்டால் நீங்கள் ஒதுக்கிய 25 மணி நேரம் போதாது. வேறு கிளையன்டின் நேரத்தை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

அவர் போட்டோ அனுப்பவில்லை, விவரம் தரவில்லை என்று நீங்களும் சும்மா இருந்துவிடாதீர்கள். வேலை இல்லாமல் பணம் வருகிற மாதம் சுகமாகத் தெரியும். ஆனால் தொடர்ந்து இரண்டு மாதம் அப்படிப் போனால் மூன்றாவது மாதம் "நிறுத்திக்கலாமே" என்ற போன் வரும். ஏழாம் தேதி வரை விவரம் வரவில்லை என்றால் இருப்பதை வைத்து நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள்.

திடீரென்று வருகிற அவசர வேலையை ரிட்டெய்னருக்குள் சேர்ப்பதா, தனியாக வாங்குவதா?

மலையில் அவசரம் தவிர்க்க முடியாதது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தாலோ மலை ரயில் ரத்தானாலோ, அன்று வரவிருந்த விருந்தினர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் தெளிவான மெசேஜ் போக வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது, புக்கிங் உறுதி மெயிலிலிருந்து வெப்சைட்டில் "எப்படி வருவது" பக்கம் வரை எல்லாவற்றையும் சீசன் நடுவில் மாற்ற வேண்டியிருந்தது.

மாதம் ஒரு அவசரம், அதுவும் அரை மணி நேரத்துக்குள் முடிகிறது என்றால் உள்ளே சேர்த்துவிடுங்கள். ரிட்டெய்னர் வைத்திருப்பதன் பலன் அவருக்குக் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கணத்தில்தான். அதைத் தாண்டினால் மணிக்கு 1,200, அதாவது சாதாரண விலையில் ஒன்றரை மடங்கு என்று முன்பே எழுதி வையுங்கள். எது அவசரம் என்பதையும் எழுதுங்கள்: 24 மணி நேரத்துக்குள் வேண்டியது எல்லாம் அவசரம். முழுப் புதிய வெப்சைட், புத்தகம் போன்ற கையேடு, வீடியோ ஸ்கிரிப்ட் எல்லாம் ரிட்டெய்னரில் வராது. அவற்றுக்குப் பழையபடி தனிக் கொட்டேஷன்.

இப்படி எத்தனை ரிட்டெய்னர் வைத்துக்கொள்ளலாம்?

வருஷக் கணக்கில் பார்த்தால் நான்கு வைக்கலாம் போலத் தெரியும், 230-ஐ நான்கால் பெருக்கினால் 920. அது ஏமாற்றும் கணக்கு. ஏப்ரலைப் பாருங்கள். நான்கு வாரத்தில் உங்களிடம் இருப்பது 80 மணி நேரம். மூன்று ஹோம்ஸ்டேக்களுக்கு 25 வீதம் 75 போய்விடும். நான்காவது வந்தால் ராத்திரி எழுத வேண்டியதுதான். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று ஊர் மாறினாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் சீசன்.

அதனால் டூரிசம் கிளையன்ட் இரண்டு போதும். மூன்றாவதாக வருஷம் முழுக்க ஒரே சீராக வேலை இருக்கிற ஒருவரைத் தேடுங்கள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி, திருப்பூரில் துணி விற்கும் ஆன்லைன் கடை போல. மீதி நேரத்தை ஒற்றை ப்ராஜெக்டுகளுக்கு விட்டு வையுங்கள். புது கிளையன்ட் முதலில் அந்த வழியாகத்தான் வருவார்.

கொடைக்கானலில் என் கிளையன்டுகள் எல்லாம் சின்னக் கடைகள். இருபதாயிரம் கேட்டால் ஓடிவிடுவார்கள். ஐயாயிரத்துக்கு வைக்கலாமா?

ஐயாயிரம்தான் கீழ் எல்லை என்பேன். மணிக்கு 800 என்றால் அது 6 மணி நேரம். எவ்வளவு சின்ன கிளையன்டாக இருந்தாலும் பேச்சுக்கும் பில்லுக்கும் மாதம் 2 மணி நேரம் போகும். மீதி 4 மணி நேரத்தில் ஒரு மெயிலரும் இரண்டு கேப்ஷனும் வரும். அதற்குக் கீழே போனால் பேச்சுதான் இருக்கும், எழுத்து இருக்காது.

சாக்லேட் கடை, தேன், மலைப்பூண்டு விற்பவர்களுக்கு மாதக் கட்டணத்தைவிட சீசன் கட்டு நன்றாகப் பொருந்துகிறது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரு தொகை, பாதி முன்பணம், மீதி ஏப்ரல் முதல் தேதி. மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை பாக்கெட்டிலும் வெப்சைட் பக்கத்திலும் சரியாகச் சொல்லத் தெரியாமல் விற்கிறவர்கள் நிறைய. அப்படி ஒரு தெளிவான தேவையைப் பிடித்துத் தொடங்கினால் பேச்சு எளிதாகும்.

பணம், ஜிஎஸ்டி, டிடிஎஸ், ஒப்பந்தம் இதெல்லாம்?

பணம் முன்கூட்டியே. மாதம் 1-ஆம் தேதி பில், 5-ஆம் தேதிக்குள் வரவு, வந்த பிறகு வேலை. மாத முடிவில் வாங்கினால் அது ரிட்டெய்னர் இல்லை, கடனுக்கு எழுதிக் கொடுப்பது.

உங்கள் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. தாண்டினால் 18 சதவீதம் தனியாகச் சேரும், அதனால் ஒப்பந்தத்தில் "வரி நீங்கலாக" என்று இப்போதே எழுதிவிடுங்கள். கிளையன்ட் கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்து வருஷத்துக்கு 50,000-க்கு மேல் தந்தால், தொழில்முறைக் கட்டணம் என்று பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். 20,000-க்கு 18,000 கையில் வரும். மீதி உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். உத்யம் பதிவு இலவசம், செய்து வையுங்கள். பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். மாதப் பெயரோடு இரண்டு தொகை, வேலைப் பட்டியல், திருத்தம், அவசர விலை, பணத் தேதி, விலகும் விதி. மெயிலில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கினாலும் சரிதான்.

நடுவில் விலகினால்? ஒரு வருஷம் கட்டாயம் என்று எழுதலாமா?

கட்டாயம் என்று எழுதினால் கையெழுத்துப் போடவே யோசிப்பார், போட்ட பிறகு விலகினாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் மூன்று மாதம் வெள்ளோட்டம், அதன் பிறகு எந்தப் பக்கமும் 30 நாள் முன்னறிவிப்பு. இதோடு ஒரு வரி சேருங்கள்: விலகும்போது அதுவரை முடித்த வேலை கட்டிய பணத்தைவிட அதிகமாக இருந்தால், வித்தியாசத்தைப் பட்டியல் விலையில் தீர்க்க வேண்டும். இரண்டு விலைப்படி இருப்பதால் அந்த வித்தியாசம் பெரிதாக வராது, ஆனாலும் இருக்கட்டும்.

கட்டணம் சரியாக வைத்தேனா என்பது எப்போது தெரியும், எப்போது ஏற்றுவது?

உங்கள் மணிக் கணக்கு நோட்டில் தெரியும். சீசன் மாதத்தில் 25-க்குப் பதில் 30 மணி நேரம் போவது இரண்டு மாதம் தொடர்ந்தால், எது தின்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எழுத்து இருக்காது. ராத்திரி ஒன்பது மணி வாட்ஸ்அப், "ஒரு சின்ன மாத்தம்தான்" என்று வருகிற மூன்றாவது சுற்று, அவருடைய தம்பி சொன்னதாக வரும் புது யோசனை. அப்படியென்றால் விலையை ஏற்ற வேண்டாம், விதியை நினைவுபடுத்துங்கள். எழுத்தே அதிகமாகியிருந்தால் பட்டியலோடு விலையும் ஏற வேண்டும், மாத நடுவில் வேண்டாம், அடுத்த ஆஃப் சீசன் மாதத்திலிருந்து.

வருஷாந்திர ஏற்றத்தை ஜூலையில் வையுங்கள், மேயிலேயே சொல்லிவிடுங்கள். சீசன் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கிளையன்டுக்கு மனசு இளகி இருக்கும். 9,000-ஐ 10,000 ஆகவும் 20,000-ஐ 22,000 ஆகவும் மாற்றினால் வருஷத்துக்கு 19,000 ரூபாய் கூடும். மேடம் பேரம் பேசினால் ஆஃப் சீசன் தொகையை விட்டுக்கொடுங்கள், சீசன் தொகையில் நில்லுங்கள். உங்கள் நேரத்துக்குப் போட்டி இருப்பது அந்த மாதங்களில்தான்.